போட்டோவில் வந்த மார்க் ஷீட்: வெளிநாட்டு மதிப்பீட்டுக்கு முன் பொறியியல் பட்டதாரிகள் கேட்கும் கேள்விகள்

பொறியியல் கல்லூரி ஒன்றின் தேர்வுப் பிரிவில் சில வருடங்கள் இருந்தேன். அந்தப் பழக்கத்தால் இன்றும் யாராவது ஒருவர் மார்க் ஷீட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி, "இதுக்கு என்ன அர்த்தம், வெளிநாட்டுல இதை எப்படிப் பார்ப்பாங்க?" என்று கேட்பதுண்டு. பெரும்பாலும் அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகளில் பி.இ., பி.டெக். முடித்தவர்கள். அதனால் இந்தப் பக்கம் அவர்களுக்கானது. வேறு பல்கலைக்கழகத்துக்காரர்கள் கணக்கு போடும் முறையை எடுத்துக்கொள்ளலாம், கிரேடு எண்களை எடுத்துக்கொள்ளக் கூடாது.

எட்டு செமஸ்டர் மார்க் ஷீட்டையும் மொபைல்ல போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். இதை வெச்சே எவால்யுவேஷன் முடிச்சிடலாமா?

முடியாது. ஆனால் போட்டோ வீணும் இல்லை. அதன் வேலை வேறு.

அமெரிக்கா, கனடாவுக்கு மதிப்பீடு செய்யும் டபிள்யூ.இ.எஸ். போன்ற நிறுவனங்கள் இந்திய மதிப்பெண் பட்டியல்களை உங்கள் கையிலிருந்து வாங்குவதில்லை. கல்வி நிறுவனமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் விதி. ஜெர்மனிக்குப் படிக்கப் போவதென்றால் 2022 நவம்பர் முதல், கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்க வேண்டும். அங்கேயும் ஆவணங்களுக்கென்று தனி நடைமுறை உண்டு.

போட்டோ உதவுவது அதற்கு முந்தைய கட்டத்தில். எந்த ரெகுலேஷனில், அதாவது எந்த வருடத்துப் பாடத்திட்ட விதிமுறையில் படித்தீர்கள், எந்த எழுத்துக்கு எத்தனை புள்ளி, எந்த செமஸ்டரில் பேப்பர் நின்றது, பெயர் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதையெல்லாம் பணம் கட்டுவதற்கு முன்பே போட்டோவை வைத்துப் பார்த்துவிடலாம். கட்டணம் கட்டிய பிறகு இவற்றில் ஒன்று இடறினால் வாரக்கணக்கில் தாமதமாகும்.

நான் எந்த ரெகுலேஷன்ல படிச்சேன்னே ஞாபகம் இல்லை. மார்க் ஷீட்ல எங்கேயும் தெளிவா தெரியல. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பாடக் குறியீட்டைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு ஆங்கில எழுத்து, அப்புறம் நான்கு இலக்கம். அந்த நான்கில் முதல் இலக்கம்தான் நமக்கு வேண்டியது.

முதல் செமஸ்டர் கணிதத்தையே எடுத்துக்கொள்வோம். `MA6151` என்றிருந்தால் அது 2013 ரெகுலேஷன். `MA8151` என்றால் 2017. `MA3151` என்றால் 2021. அதற்கு முன்பு 2008 ரெகுலேஷனில் `MA2111` என்று 2-இல் தொடங்கும். எண்கள் ஏறுவரிசையில் இல்லையே என்று குழம்ப வேண்டாம், அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

போட்டோ மங்கலாக இருந்தாலும் ஒரு தாளில் எட்டு ஒன்பது பாடங்கள் இருக்கும். ஏதாவது ஒன்றின் குறியீடாவது தெளிவாகத் தெரிந்துவிடும். 6-ஐயும் 8-ஐயும் மட்டும் கவனமாகப் பிரித்துப் பாருங்கள். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் இந்த இரண்டு இலக்கமும் முற்றிலும் வேறான இரண்டு கிரேடு முறைகளைக் காட்டுகின்றன.

தன்னாட்சிக் கல்லூரி என்றால் இந்தக் குறியீட்டு வழி செல்லாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்க அண்ணன் 2017-ல முடிச்சார், நான் 2021-ல முடிச்சேன். ரெண்டு பேர் மார்க் ஷீட்லயும் நிறைய B இருக்கு. ஆனா அவரோட சிஜிபிஏ எப்படி அவ்வளவு அதிகமா இருக்கு?

உங்கள் அண்ணனின் B வேறு, உங்கள் B வேறு. அவர் 2013 ரெகுலேஷன், நீங்கள் 2017 ரெகுலேஷன். இரண்டு முறைகளையும், அடுத்து வந்த 2021 முறையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

```
2013:  S=10  A=9   B=8  C=7   D=6  E=5
2017:  O=10  A+=9  A=8  B+=7  B=6
2021:  O=10  A+=9  A=8  B+=7  B=6  C=5
```

உங்கள் அண்ணன் B வாங்க 71 முதல் 80 மதிப்பெண் எடுத்திருக்க வேண்டும். அதற்கு 8 புள்ளி. நீங்கள் வாங்கிய B என்பது 50 முதல் 60 வரை, அதாவது தேர்ச்சியின் கடைசிப் படி. அதற்கு 6 புள்ளி. அவருடைய B-க்குச் சமமானது உங்கள் A.

வெளிநாட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இது தானாகத் தெரியாது. அவர் ஊரில் B என்றால் ஓரளவு நல்ல மதிப்பெண். அண்ணனின் தாளை அவர் பழக்கப்படி வாசித்தால் அண்ணனுக்கு நஷ்டம். உங்கள் தாளை அப்படி வாசித்தால் உங்களுக்கு லாபம் மாதிரி தோன்றும், ஆனால் புள்ளிக் கணக்கைப் பார்த்ததும் அது கலைந்துவிடும். அதனால்தான் கிரேடு அளவுகோல் அச்சிட்ட பக்கம் இல்லாத மார்க் ஷீட் பாதி மார்க் ஷீட் என்கிறேன்.

2021 ரெகுலேஷன்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு ஒப்பீட்டு கிரேடு முறையும் உண்டு. அதாவது வகுப்பில் மற்றவர்கள் எடுத்ததைப் பொறுத்து எழுத்து அமையலாம். ஆகவே "A என்றால் 71 முதல் 80 வரை" என்று நீங்களாக எங்கேயும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். புள்ளியை மட்டும் சொல்லுங்கள்.

ஒரு பாடத்துல A-வா A+ ஆன்னு போட்டோல தெரியல. ஒரிஜினல் ஊர்ல இருக்கு, நான் இப்போ பெங்களூர்ல. வேற வழி இருக்கா?

இருக்கிறது, கணக்கு போட்டால் போதும். கீழே அச்சான ஜிபிஏ தெளிவாகத் தெரிந்தால் மேலே மங்கிய ஓர் எழுத்தை மீட்டுவிடலாம்.

ஜிபிஏ என்பது ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும் கிரேடு புள்ளியால் பெருக்கி, கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுப்பது. 2017 ரெகுலேஷனில் ஒரு செமஸ்டர் தாள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு கிரெடிட் பாடம் ஒன்று, மூன்று கிரெடிட் பாடங்கள் ஐந்து, இரண்டு கிரெடிட் ஆய்வகங்கள் இரண்டு. மொத்தம் 23 கிரெடிட்.

```
4 x 8 (A)   = 32
3 x 7 (B+)  = 21
3 x 6 (B)   = 18
3 x 7 (B+)  = 21
3 x 8 (A)   = 24
2 x 10 (O)  = 20
2 x 9 (A+)  = 18
3 x ?       = ?
```

தெரிந்த ஏழு பாடங்களின் கூட்டல் 154. மங்கிய பாடம் A என்றால் 24 சேர்ந்து 178. அதை 23-ஆல் வகுத்தால் 7.74. A+ என்றால் 27 சேர்ந்து 181, வகுத்தால் 7.87. தாளின் அடியில் 7.87 என்று இருந்தால் அந்தக் கூட்டல் குறி அங்கே இருக்கிறது, கேமராவுக்குத்தான் தெரியவில்லை.

இதையே தலைகீழாகவும் பயன்படுத்தலாம். எல்லாப் பாடத்தையும் தட்டச்சு செய்து முடித்த பிறகு ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஜிபிஏ-வைக் கணக்கிட்டுப் பாருங்கள். அச்சில் உள்ளதோடு இரண்டு தசம இடம்வரை பொருந்தினால் நீங்கள் வாசித்தது சரி. பொருந்தாவிட்டால் ஏதோ ஒரு கிரெடிட்டையோ கிரேடையோ தப்பாக எடுத்திருக்கிறீர்கள். வழக்கமாகத் தப்புவது கூட்டல் குறிதான். அதற்கடுத்து B என்ற எழுத்தை 8 என்று வாசிப்பது, O என்ற எழுத்தைப் பூஜ்யம் என்று எடுப்பது. ஆன்லைன் படிவத்தில் O-வுக்குப் பதில் பூஜ்யத்தைத் தட்டிவிட்டு, நூற்றுக்குத் தொண்ணூறு தாண்டிய பாடத்தில் தோற்றவராக நின்ற ஒரு பையனை எனக்குத் தெரியும்.

கணக்கு போட்டேன், பொருந்தல. எழுத்தெல்லாம் தெளிவாத்தான் இருக்கு. அந்த செமஸ்டர்ல ஒரு அரியர் இருந்துச்சு, அதுனாலயா?

அதனால்தான். நின்றுபோன பாடம் ஜிபிஏ கணக்கில் வராது. மேலே புள்ளியும் சேராது, கீழே கிரெடிட்டும் சேராது. நீங்கள் அந்தப் பாடத்தைப் பூஜ்யமாக வைத்து 23-ஆல் வகுத்திருப்பீர்கள். அதன் மூன்று கிரெடிட்டைக் கழித்து 20-ஆல் வகுத்துப் பாருங்கள், பொருந்தும்.

2017 ரெகுலேஷனில் நின்றுபோன பாடத்துக்கு RA என்றிருக்கும், மற்ற இரண்டிலும் U. வருகை குறைவு என்றால் 2017 முதல் SA என்று வரும். இதில் வெளிநாட்டுக்காரரைக் குழப்பும் விஷயம் என்னவென்றால், மூன்று பாடத்தில் நின்ற ஒருவரின் அந்த செமஸ்டர் ஜிபிஏ எட்டுக்கு மேலே இருக்கலாம். தேறிய பாடங்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டது அது. பிறகு அரியர் எழுதித் தேறும்போது அந்தப் பாடம் சிஜிபிஏ-வில் சேர்ந்துகொள்ளும்.

சரி, அரியரை மறைக்க முடியுமா என்று அடுத்ததாகக் கேட்பார்கள். செமஸ்டர் வாரித் தாள்கள் எல்லாவற்றையும் கேட்கும் இடத்தில் முடியாது, முயலவும் வேண்டாம். ஒரே பாடக் குறியீடு இரண்டு தேர்வுப் பருவத்தில் வருவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எல்லா செமஸ்டரையும் தொகுத்துத் தரும் மொத்த மதிப்பெண் பட்டியலிலும் தேறிய மாதம், வருடம் இருக்கும். மூன்றாம் செமஸ்டர் பாடத்துக்கு ஏழாம் செமஸ்டர் காலத்துத் தேதி இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

என் சிஜிபிஏ 7.82. பத்தால பெருக்கி 78.2 சதவீதம்னு போடலாமா?

படிவம் சிஜிபிஏ-வைக் கேட்டால் சிஜிபிஏ-வை மட்டும் போடுங்கள். பத்தில் 7.82 என்று எழுத இடம் இருக்கும்போது சதவீதமாக மாற்றுவது வீண் வம்பு.

காரணம் சொல்கிறேன். 2017 ரெகுலேஷனில் எல்லாப் பாடத்திலும் சரியாக 50 மதிப்பெண் எடுத்துத் தேறிய ஒருவரின் சிஜிபிஏ 6.00. பத்தால் பெருக்கினால் 60 சதவீதம். அவர் எடுத்ததோ 50. எல்லாப் பாடத்திலும் 71 எடுத்தவருக்கும் 80 எடுத்தவருக்கும் 8.00. முதல் ஆளுக்குப் பெருக்கல் ஒன்பது மதிப்பெண் கூட்டித் தருகிறது, இரண்டாம் ஆளுக்கு அப்படியே தருகிறது. கிரேடு என்பதே மதிப்பெண்ணை ஒரு பெட்டிக்குள் போட்டு மூடுவது. மூடிய பிறகு உள்ளே எந்த மூலையில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

படிவம் சதவீதத்தை மட்டுமே ஏற்கும் என்றால், மாற்று விதி எழுதிய கடிதத்தைத் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ளதைப் போடுங்கள். உங்கள் கையால் போட்ட கணக்கு நாளை கேள்வியாக வரும்போது பதில் சொல்ல ஆள் இருக்காது.

ஜெர்மனிக்கு அப்ளை பண்றேன். மாஸ்டர்ஸ் கோர்ஸுக்கு 2.5 வேணும்னு போட்டிருக்கான். என் 7.82-க்கு 2.3 வரும்னு ஒரு வெப்சைட் சொல்லுது, இன்னொண்ணு 2.6-ங்குது. எது நிஜம்?

இரண்டும் ஒரே சூத்திரத்தைத்தான் போட்டிருக்கின்றன. உள்ளே கொடுத்த ஓர் எண் மட்டும் வேறு. அந்த எண் உங்கள் மார்க் ஷீட்டின் கிரேடு அளவுகோலில் இருக்கிறது.

ஜெர்மனியில் 1.0 என்பது மிகச் சிறந்தது, 4.0 என்பது தேர்ச்சியின் கடைசிப் படி. எண் கூடக் கூட மதிப்பு குறையும், நமக்கு நேர்மாறு. வெளிநாட்டு மதிப்பெண்ணை அதற்குள் கொண்டுவர அவர்கள் பயன்படுத்துவது திருத்திய பவேரியச் சூத்திரம்:

```
x = 1 + 3 * (Nmax - Nd) / (Nmax - Nmin)
```

`Nmax` என்பது கிடைக்கக்கூடிய அதிகபட்சம், நமக்கு 10. `Nd` உங்கள் சிஜிபிஏ. `Nmin` என்பது தேர்ச்சிக்கான குறைந்தபட்சப் புள்ளி. சண்டை எல்லாம் இந்தக் கடைசி எண்ணில்தான்.

2013 ரெகுலேஷனில் தேர்ச்சியின் கடைசி எழுத்து E, அதற்கு 5. ஆக, 10-இல் 7.82 போக 2.18. அதை 5-ஆல் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டினால் 2.308. அதாவது 2.3. உங்கள் தாள் 2013 என்றால் வாசலைத் தாண்டிவிட்டீர்கள்.

2017 ரெகுலேஷனில் கடைசி எழுத்து B, அதற்கு 6. அதே 2.18-ஐ இப்போது 4-ஆல் வகுக்க வேண்டும். விடை 2.635, அதாவது 2.6. வாசலுக்கு வெளியே நிற்கிறீர்கள். சிஜிபிஏ ஒன்றுதான், ஆனால் ஓர் எழுத்தின் புள்ளி மாறியதால் வந்த வித்தியாசம் இது.

அநியாயம் என்று தோன்றும். ஆனால் முந்தைய பதிலை நினைத்துப் பாருங்கள். 2017 ரெகுலேஷனில் 50 எடுத்தவருக்கே 6 கிடைக்கிறது, 2013-இல் அவருக்கு 5. தரை உயர்ந்திருப்பதால் தரையிலிருந்து அளக்கும் சூத்திரம் அந்த உயர்வைக் கழித்துவிடுகிறது. அதன் பார்வையில் இது நியாயம்தான்.

எந்த `Nmin`-ஐ எடுப்பது என்பதை முடிவு செய்வது விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் பல்கலைக்கழகமோ, அதற்காக வேலை செய்யும் யூனி-அசிஸ்டோதான். உங்கள் பக்கம் செய்ய முடிந்தது, சரியான அளவுகோல் பக்கத்தை இணைப்பது. அது இல்லாவிட்டால் பார்ப்பவர் வேறெங்கோ இருந்து ஓர் எண்ணை எடுப்பார். பல்கலைக்கழக மானியக் குழு பரிந்துரைத்த பத்துப் புள்ளி முறையில் P என்ற எழுத்துக்கு 4 புள்ளி, அதுதான் தேர்ச்சியின் அடி. அந்த 4-ஐ எடுத்தால் உங்களுக்கு 2.09 வரும். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் அது உங்கள் பல்கலைக்கழகத்தின் எண் அல்ல. அதை நம்பிக் கட்டணம் கட்டிவிட்டு, பரிசீலனையில் 2.6 என்று வந்தால் அந்தப் பருவமே போய்விடும்.

கையில் 2.6 இருப்பவர் 2.5 கேட்கும் படிப்புகளை மட்டும் பட்டியலிட்டு வைத்திருந்தால், 3.0 வரை ஏற்பவற்றையும் தேடிச் சேர்த்துக்கொள்வது நல்லது.

அமெரிக்காவுக்கு 4-க்குத்தானே மாத்தணும்? 7.82 பெருக்கல் 0.4, 3.13. இதைப் போட்டா போதாதா?

போதாது. பத்துக்கு நான்கு என்று விகிதம் போட்டு எந்த மதிப்பீட்டு நிறுவனமும் மாற்றுவதில்லை. அவர்கள் உங்கள் ஒவ்வொரு பாடத்தின் கிரேடையும் எடுத்து, தங்கள் அட்டவணைப்படி ஓர் அமெரிக்க எழுத்தாக மாற்றி, கிரெடிட் எடையோடு மறுபடி சராசரி போடுவார்கள். அதனால் வரும் எண் 3.13-க்கு மேலே இருக்க வாய்ப்பு உண்டு. நீங்களே குறைத்து எழுதிக் கொடுத்துக்கொள்ளாதீர்கள். பல்கலைக்கழகப் படிவத்தில் அளவுகோல் எது என்று கேட்கும் இடத்தில் 10 என்று போட்டு, 7.82-ஐ அப்படியே எழுதுங்கள்.

இதற்குப் பாடவாரி மதிப்பீடு வேண்டும். ஆவணவாரி மதிப்பீடு என்று விலை குறைந்த ஒன்று இருக்கும். அதில் பட்டம் எதற்குச் சமம் என்று மட்டும் வரும், நான்கில் எத்தனை என்று வராது. காசு மிச்சம் என்று அதை வாங்கிவிட்டு, சேர்க்கை அலுவலகம் திருப்பி அனுப்பிய பிறகு மறுபடி பணம் கட்டியவர்கள் நிறையப் பேர்.

கிரெடிட் எண்ணிக்கையைப் பற்றியும் பயப்பட வேண்டாம். நம் பி.இ. கிரெடிட்டுகளின் மொத்தம் அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்கு வழக்கமான 120-ஐ விட அதிகமாகத் தெரியும். மதிப்பீட்டில் அதை அவர்கள் வருடக் கணக்குக்குச் சுருக்கிவிடுவார்கள். ஐரோப்பாவில் வருடத்துக்கு 60 என்பது கணக்கு. நம் கிரெடிட்டை ஐரோப்பியப் படிவத்தின் கிரெடிட் பெட்டியில் நேராகத் தட்டாதீர்கள்.

கனடா பி.ஆர்.-க்கு சிஜிபிஏ எவ்வளவு இருந்தா நல்லது?

எவ்வளவு இருந்தாலும் ஒன்றுதான். குடியேற்றத்துக்கான இ.சி.ஏ. என்ற கல்வி மதிப்பீட்டு அறிக்கையில் அவர்கள் தேடுவது உங்கள் பட்டம் கனடாவின் எந்தப் பட்டத்துக்குச் சமம் என்பதை மட்டும். 6.1 எடுத்தவருக்கும் 9.4 எடுத்தவருக்கும் அங்கே ஒரே குடியேற்றப் புள்ளி. அறிக்கை வந்த நாளிலிருந்து ஐந்து வருடம் செல்லும், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சார், என் பொண்ணு படிச்சது தன்னாட்சிக் கல்லூரி. மார்க் ஷீட்டுக்குப் பின்னாடி வெறும் தாளா இருக்கு, அளவுகோல் எதுவும் இல்ல. நாங்களே ஒரு தாள்ல டைப் பண்ணி வெச்சிடலாமா?

வேண்டாம் சார். தன்னாட்சிக் கல்லூரிக்குத் தன் பாடத்திட்டமும் கிரேடு முறையும் வகுத்துக்கொள்ளும் உரிமை உண்டு. பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில் வந்தாலும் மதிப்பெண் பட்டியல் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் கையெழுத்தில் வரும். ஆகவே நான் மேலே கொடுத்த எண்கள் உங்கள் மகளுக்குப் பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது.

முதலில் தாளின் அடிப்பகுதியைப் பாருங்கள், சில கல்லூரிகள் பொடி எழுத்தில் அங்கே போட்டிருப்பார்கள். அங்கேயும் இல்லையென்றால் உங்கள் மகள் சேர்ந்த வருடத்துக்கான ரெகுலேஷன் கையேட்டில் கிரேடு பற்றிய பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, தேர்வுக் கட்டுப்பாட்டாளரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். மதிப்பெண் பட்டியல்களைச் சீல் வைத்த உறையில் கல்லூரி அனுப்பும்போது அந்தப் பக்கமும் அதே உறைக்குள் போக வேண்டும். தனியாக நீங்கள் அனுப்பினால் அது உங்கள் தாள், உறைக்குள் போனால் கல்லூரியின் தாள்.

கடிதமாகக் கேட்பதானால் நான்கு விஷயம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்: ஒவ்வொரு எழுத்துக்கும் புள்ளி, தேர்ச்சிக்கான குறைந்தபட்ச எழுத்தும் அதன் புள்ளியும், சிஜிபிஏ கணக்கிடும் முறை, எந்த வருடம் சேர்ந்தவர்களுக்கு இது பொருந்தும் என்பது. இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஜெர்மனிக் கணக்கைப் படித்திருந்தால் அது ஏன் முக்கியம் என்று தெரிந்திருக்கும்.

நான் டிப்ளமோ முடிச்சிட்டு நேரா இரண்டாம் வருஷம் சேர்ந்தேன். முதல் ரெண்டு செமஸ்டர் மார்க் ஷீட் எங்கேன்னு கேட்டு மெயில் வந்திருக்கு. என்ன பதில் போடுறது?

உங்களிடம் இருக்கும் முதல் தாளிலேயே மூன்றாம் செமஸ்டர் என்று இருக்கும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இரண்டு தாள் தொலைந்ததுபோலத் தெரியும். லேட்டரல் என்ட்ரி என்ற ஏற்பாடு நமக்குப் பழக்கம், அவருக்கு இல்லை.

கல்லூரியில் ஒரு கடிதம் வாங்குங்கள். நீங்கள் லேட்டரல் என்ட்ரி மூலம் நேரடியாக மூன்றாம் செமஸ்டரில் சேர்ந்தீர்கள், முதலிரண்டு செமஸ்டர் உங்களுக்குக் கிடையாது என்று இரண்டு வரி போதும். அதோடு டிப்ளமோ மதிப்பெண் பட்டியல்களையும் சான்றிதழையும் சேர்த்து அனுப்புங்கள். டிப்ளமோ தாள்கள் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கீழ் வந்தவை, பி.இ. தாள்கள் பல்கலைக்கழகத்துடையவை. இரண்டும் வேறு வேறு இடத்திலிருந்து வர வேண்டியிருக்கும் என்பதால் டிப்ளமோவுக்கான வேலையை முதலில் தொடங்கிவிடுங்கள்.

உங்கள் சிஜிபிஏ ஆறு செமஸ்டருக்கு மட்டுமானது என்பதையும் கடிதத்தில் சொல்லச் சொல்லுங்கள். எட்டு செமஸ்டர் கிரெடிட்டோடு ஒப்பிட்டுக் குறைகிறது என்று அடுத்த மெயில் வராமல் இருக்கும்.

மார்க் ஷீட்ல பேருக்குப் பின்னாடி ஒரு இனிஷியல் மட்டும்தான். பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா குடும்பப் பெயரா இருக்கு. பிரச்சினை ஆகுமா?

நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான். விண்ணப்பத்தைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி நிரப்புங்கள். "சான்றிதழில் உள்ள பெயர்" என்று தனியாகக் கேட்கும் இடத்தில் மார்க் ஷீட்டில் உள்ளபடியே, இனிஷியலோடு எழுதுங்கள். இனிஷியல் தந்தை பெயரின் முதல் எழுத்து என்பதைக் காட்ட, தந்தை பெயர் அச்சான ஓர் ஆவணம் கையில் இருக்கட்டும். பள்ளி மாற்றுச் சான்றிதழில் பொதுவாக இருக்கும்.

கவனிக்க வேண்டியது, எட்டுத் தாளிலும் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா என்பதுதான். ஒரு தாளில் ஓர் எழுத்து மாறியிருந்தால் அதைத் திருத்தி வாங்கக் கல்லூரி வழியாகத்தான் போக வேண்டும், நாளாகும். போட்டோக்களை வரிசையாக வைத்துப் பெயரை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கடைசியா, போட்டோவை எப்படி எடுத்து அனுப்பினா உங்களுக்கு வாசிக்க முடியும்?

பகலில், ஜன்னல் பக்கம், பிளாஷ் அணைத்துவிட்டு எடுங்கள். லேமினேட் செய்த தாளில் பிளாஷ் பட்டால் கிரேடு வரிசை அப்படியே வெள்ளையாகிவிடும். லேமினேட் செய்யாதவர்கள் இனியும் செய்யாதீர்கள், முத்திரையைச் சரிபார்க்க வேண்டிய இடத்தில் அது தொல்லை.

தாளை அடர்ந்த நிறத் துணிமேல் வைத்து, நான்கு மூலையும் தெரிய, நேர் மேலிருந்து ஒரு போட்டோ. அப்புறம் கிரெடிட், கிரேடு உள்ள பகுதியை மட்டும் கிட்டத்தில் ஒன்று. அப்புறம் பின்பக்கம், வெறுமையாக இருந்தாலும் சரி. வெறுமை என்பதும் எனக்குத் தெரிய வேண்டிய தகவல்தான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். கூட்டல் குறிகள் காணாமல் போவது பெரும்பாலும் அங்கேதான்.

எனக்கு என்றில்லை, யாரிடம் ஆலோசனை கேட்டு அனுப்பினாலும் பதிவெண், பிறந்த தேதி, புகைப்படம், கியூஆர் கட்டம் ஆகியவற்றின் மேல் காகிதத் துண்டு வைத்து மறைத்துவிட்டு எடுங்கள். கிரேடு வாசிக்க அவை எதுவும் தேவையில்லை. பாடக் குறியீட்டை மட்டும் மறைத்துவிடாதீர்கள்.